கோயானியாவின் நீலப் பொடி

1987 செப்டம்பரில் பிரேசிலின் கோயானியா நகரில், ஒரு சிகிச்சை மையம் காலி செய்துவிட்டுப் போன கட்டடத்துக்குள் பழைய இரும்பு தேடி இருவர் நுழைந்தார்கள். புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுத்த பழைய இயந்திரம் ஒன்று அங்கே கிடந்தது. அதன் தலைப்பகுதியைக் கழற்றிக் காயலான் கடையில் விற்றார்கள். உள்ளே இருந்த சீசியம்-137 உப்பு இருட்டில் நீலமாக ஒளிர்ந்ததால், கடைக்காரர் அதை உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் கொடுத்தார்.

1971இல் அந்த உப்பில் வினாடிக்கு 74 லட்சம் கோடி அணுக்கருக்கள் சிதைந்துகொண்டிருந்தன. 16 ஆண்டுகளில் எவ்வளவு குறைந்திருக்கும்? சீசியம்-137இன் அரை ஆயுட்காலம் சுமார் 30 ஆண்டுகள். சூத்திரம் இது:

A = A₀ × (1/2)^(t/T)

இதில் t/T என்பது 16/30, அதாவது 0.53. அரையை 0.53 அடுக்குக்கு உயர்த்தினால் 0.69 வரும். 74ஐ 0.69ஆல் பெருக்க, சுமார் 51 லட்சம் கோடி. விபத்துக்குப் பின் வெளியான மதிப்பீடும் ஏறக்குறைய இதுவே. 30 ஆண்டில் பாதி போனால் 60 ஆண்டில் மொத்தமும் தீர்ந்துவிடும் என்று எழுதும் மாணவர்கள் உண்டு. அப்படியல்ல. 60ஆம் ஆண்டில் கால் பங்கு மிஞ்சும், 90இல் அரைக்கால்.

இயந்திரத்துக்குள் இருந்தவரை அதன் காமா கதிர்கள் கட்டியின் மீது மட்டும் பாய்ந்தன. அப்படிக் கதிர் பட்ட நோயாளியின் உடல் கதிரியக்கம் பெறுவதில்லை. கோயானியாவில் நடந்ததோ வேறு. நீரில் கரையும் அந்த உப்பு கைகளில் ஒட்டியது, உணவோடு வயிற்றுக்குள் போனது. கதிர்மூலமே உடலுக்குள் குடியேறிவிட்டது. வாந்தியும் தோல் புண்ணும் வந்தபோது மருத்துவர்கள் முதலில் வேறு நோய் என்றே நினைத்தார்கள். இரண்டு வாரம் கழித்து ஓர் இயற்பியலாளர் கதிர்வீச்சு அளக்கும் கருவியோடு வந்த பிறகுதான் உண்மை தெரிந்தது. 249 பேர் மீது மாசு படிந்திருந்தது. ஆறு வயதுச் சிறுமி உட்பட நால்வர் இறந்தார்கள்.

சூடாக்கியோ மருந்து கொடுத்தோ சிதைவின் வேகத்தை மாற்ற முடியாது. சீசியத்தை உடலிலிருந்து சீக்கிரம் வெளியேற்றலாம், அவ்வளவுதான். அதற்காக 46 பேருக்குப் பிரஷ்யன் நீலம் கொடுத்தார்கள். சாயத்துக்குப் பயன்படும் அந்தப் பொருள் குடலில் சீசியத்தைப் பிடித்து மலத்தோடு வெளியே கொண்டுபோகிறது.

நோயறிய உடலுக்குள் செலுத்தும் பொருளுக்கு அரை ஆயுட்காலம் குறைவாக இருக்க வேண்டும் என்பது இதனால்தான். ஸ்கேனுக்குப் பயன்படும் டெக்னீசியம்-99எம் ஆறு மணி நேரத்தில் பாதியாகும். ஒரு நாளில் பதினாறில் ஒரு பங்குதான் மிஞ்சும்.

கோயானியாவின் மாசுபட்ட மண்ணும் வீட்டுச் சாமான்களும் நகருக்கு வெளியே புதைக்கப்பட்டுள்ளன. அங்குள்ள சீசியம் ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைய, விபத்து நடந்த நாளிலிருந்து சுமார் 300 ஆண்டுகள் ஆகும்.