காற்றின் கணக்கு ஒரே தாளில்

மாடிக் கட்டடத்தைக் காற்று பக்கவாட்டில் தள்ளும்போது எந்தத் தூண் எவ்வளவு தாங்குகிறது? மூன்று தூண்களும் இரண்டு தளங்களும் கொண்ட சின்னச் சட்டகத்திலேயே, சமநிலை விதிகளை மட்டும் நம்பினால் 12 விசைகள் பிடிபடாமல் நிற்கும். இன்று கணினி நொடியில் சொல்லிவிடும். 1915-இல் ஆல்பர்ட் ஸ்மித் வகுத்த போர்ட்டல் முறைக்கு ஒரு தாளும் பென்சிலும் போதும்.

சட்டகம் சாயும்போது தூண் ஒருபுறம் வளைந்து, பிறகு மறுபுறம் திரும்புகிறது. திரும்பும் புள்ளியில் வளைக்கும் திருப்புத்திறன் சுழி. அந்தப் புள்ளி ஒவ்வொரு தூணின் நடு உயரத்திலும் ஒவ்வொரு உத்திரத்தின் நடுவிலும் இருப்பதாக வைத்துக்கொள்கிறோம். அடுத்து, நடுத் தூண் ஓரத் தூணைப்போல இரு மடங்கு வெட்டுவிசையை ஏற்கிறது என்கிறோம். இரு தூண்களும் மேலே ஓர் உத்திரமுமாக ஒவ்வொரு கண்ணியையும் தனி வாசலாகப் பிரித்தால், நடுத் தூண் இரண்டு வாசல்களுக்கும் காலாகிறதே, அதனால்தான்.

கூரையில் 20 கிலோநியூட்டன், முதல் தளத்தில் 40 கிலோநியூட்டன் காற்று என்று கொள்வோம். மேல்தளம் 3 மீட்டர் உயரம், கீழ்த்தளம் 4 மீட்டர், தூண்களுக்கிடையே 6 மீட்டர். மேல்தளத் தூண்கள் சுமக்க வேண்டியது கூரைக் காற்றின் 20 மட்டுமே. அது 5, 10, 5 எனப் பிரியும். கீழ்த்தளத்துக்கு இரண்டும் சேர்ந்து 60 வரும்; 15, 30, 15 எனப் பிரியும்.

வெட்டுவிசையைப் பாதி உயரத்தால் பெருக்கினால் தூண் முனையின் திருப்புத்திறன். ஓரத் தூணில் மேலே 5 × 1.5 = 7.5, கீழே 15 × 2 = 30 கிலோநியூட்டன்-மீட்டர். முதல் தள ஓர இணைப்பில் இவ்விரண்டும் கூடி, 37.5 ஆக உத்திரத்தின் முனைக்கு வந்து சேரும். அதை உத்திரத்தின் பாதி நீளமான 3 மீட்டரால் வகுத்தால் உத்திரத்தின் வெட்டுவிசை 12.5. கூரை உத்திரத்தில் அதே வழியில் 2.5. இரண்டும் சேர்ந்து, காற்றுப்பக்க ஓரத் தூணைக் கீழ்த்தளத்தில் 15 கிலோநியூட்டன் மேலே இழுக்கின்றன. எதிர்ப்பக்கத் தூணை அதே அளவு கீழே அமுக்குகின்றன. நடுத் தூணில் இருபக்க விசைகளும் ஒன்றையொன்று அழித்துவிடும்.

சரியா என்று பார்ப்போம். கீழ்த்தூண்களின் நடு உயரத்திலிருந்து பார்த்தால் காற்று கவிழ்ப்பது 20 × 5 + 40 × 2 = 180. ஓரத் தூண்கள் தடுப்பது 15 × 12 = 180. இந்த இரண்டும் ஒத்துவராவிட்டால் எங்கோ கூட்டல் பிசகியிருக்கிறது.

ஆனால் இச்சோதனை ஊகங்களின் பிழையைக் காட்டாது. அடித்தளம் சுழன்று கொடுத்தால் கீழ்த்தூணின் திருப்பப் புள்ளி கீழே இறங்கும். தூண் அடி முழுக் கீலாகவே இருந்தால் ஓரத் தூணின் உச்சியில் 30 அல்ல, 15 × 4 = 60 வரும். தூண்களின் பருமன் பெரிதும் வேறுபட்டாலும், ஒரு தளத்தில் மட்டும் செங்கல் சுவர்கள் சட்டகத்தை இறுக்கினாலும் பங்கீடு மாறும். ஒல்லியாக உயரும் கோபுரத்தில் தூண்கள் நீள்வதும் குறுகுவதும் கணக்கில் வர வேண்டும். அங்கே இம்முறை பொருந்தாது.

ஆகவே இந்த எண்களை மட்டும் வைத்துக் கம்பி வடிவமைக்கக் கூடாது. தூணின் முதல் அளவை மதிப்பிடவும், கணினி தந்த விடையில் பெரிய பிசகு இருந்தால் பிடிக்கவும் இது போதும்.