கப்பல் கட்டணம் ஐந்து யூரோ

ஜெர்மானிய இணையக் கடையில் 60 யூரோவுக்குக் காலணி, அதோடு 5 யூரோ சாதாரண அஞ்சல் கட்டணம். காலணி பொருந்தவில்லை, திருப்பி அனுப்பினால் 60 யூரோ மட்டும் வருகிறது. கடையின் பணம் திருப்பும் விதிகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்து மொழிபெயர்த்தால், "அனுப்பும் கட்டணம் திருப்பித் தரப்படாது" என்கிறது. பலர் இங்கேயே விட்டுவிடுகிறார்கள். விடக்கூடாது.

ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி, பொருள் கைக்கு வந்த 14 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே வாங்கியதை ரத்து செய்யலாம். அப்போது சாதாரண அனுப்பும் கட்டணமும் திரும்ப வரவேண்டும். கடையின் விதி இதைப் பறிக்க முடியாது. விரைவு அஞ்சலுக்குக் கூடுதலாகக் கட்டியதும், பெரும்பாலும் திருப்பி அனுப்பும் செலவும் நம்முடையவை.

மின்னஞ்சல் எழுதுமுன் மூலப் பக்கத்தோடு ஒப்பிடுங்கள்: படத்தில் அடிக்குறிப்பு வெட்டுப்பட்டிருக்கலாம், எண் தவறாகப் படிக்கப்பட்டிருக்கலாம். பிறகு ஆர்டர் எண், பொருள் வந்த தேதி, ரத்து செய்த தேதி ஆகியவற்றைத் தாருங்கள். கடையின் வாக்கியத்தை ஜெர்மன் மொழியிலேயே அப்படியே ஒட்டுங்கள். மறுக்க வேண்டியது அவர்கள் எழுதியதைத்தான், நம் மொழிபெயர்ப்பை அல்ல. முடிவில் "மீதி 5 யூரோவை இந்தத் தேதிக்குள் அனுப்புங்கள்" என்று நாளைக் குறித்துக் கேளுங்கள். ஸ்கிரீன்ஷாட்டையும் இணையுங்கள், பக்கத்தை அவர்கள் மாற்றிவிடலாம்.