வாடகைக்கு வருபவரிடம் எதைக் கேட்கலாம்?

‘டு லெட்’ பலகையை மாட்டியதுமே போன் வர ஆரம்பித்துவிடும். வருபவர் வாடகை எவ்வளவு என்று கேட்டு முடிப்பதற்குள் இந்தப் பக்கத்திலிருந்து கேள்விகள் பாயும். “ஃபேமிலியா, பேச்சிலரா? சொந்த ஊர் எது? சைவமா? நீங்க என்ன ஆளுங்க?” இத்தனையும் கேட்ட பிறகும், மாதா மாதம் வாடகையை ஒழுங்காகக் கட்டுவாரா, வீட்டை எப்படி வைத்துக்கொள்வார் என்ற இரண்டு விஷயமும் தெரிந்திருக்காது. புரோக்கர் இல்லாமல் நேரடியாக வாடகைக்கு விடுகிற சிலர், இந்தப் போன் விசாரணைக்குப் பதிலாக ஒரு பக்கப் படிவம் ஒன்றைக் கொடுக்கிறார்கள். நல்ல வழிதான். ஆனால் போனில் கேட்ட அதே கேள்விகளை அச்சடித்துக் கொடுத்தால் பயனில்லை.

ஓர் உதாரண வீட்டை எடுத்துக்கொள்வோம். சென்னைப் புறநகரில் முதல் மாடி, இரண்டு படுக்கையறை, வாடகை 18,000 ரூபாய். கீழ்த்தளத்தில் உரிமையாளர் குடியிருக்கிறார். இரண்டு வீட்டுக்கும் ஒரே சம்ப். வாசலில் இரண்டு பைக் நிறுத்தலாம், காருக்கு இடமில்லை. இந்த வீட்டுக்குப் படிவம் தயாரிக்கும்போது ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு சோதனை வைக்கலாம். பதிலைப் பார்த்து என் முடிவு மாறுமா? மாறினால், அது வாடகையையோ வீட்டையோ பற்றிய காரணத்தாலா? இரண்டுக்கும் ‘ஆம்’ என்றால்தான் அந்தக் கேள்விக்குப் படிவத்தில் இடம்.

‘பேச்சிலரா?’ என்பதை முதலில் சோதிப்போம். அதன் பின்னால் இருக்கும் கவலை என்ன? கூட்டம் சேரும், சத்தம் வரும், தண்ணீர் தீரும் என்பதுதான். அப்படியானால் அதையே கேட்டுவிடலாமே: ‘எத்தனை பேர் தங்குவீர்கள்?’ வேலைக்குப் போகும் மூன்று பெண்கள் ‘3’ என்று எழுதுவார்கள். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் ‘4’ என்று எழுதுவார்கள். சம்புக்குத் தெரிய வேண்டியது அந்த எண் மட்டும்தான். கல்யாணம் ஆகிவிட்டதா, குழந்தை உண்டா, இனி வருமா என்பதெல்லாம் அவர்கள் சொந்த விஷயம். ராத்திரி எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று கேட்பதும் வேண்டாம். கேட் சாவி ஒன்று அவர்களிடம் இருக்கும், பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது என்று படிவத்தின் தலைப்பிலேயே நம் நிபந்தனையை எழுதிவிட்டால் போதும்.

அடுத்தது பணம். மூன்று மாத வங்கி ஸ்டேட்மென்ட் கேட்பவர்கள் உண்டு. அதில் சம்பளம் மட்டுமா இருக்கிறது? எந்த மருந்துக்கடையில் எவ்வளவு வாங்கினார், எந்த ஆஸ்பத்திரிக்குக் கட்டினார், எந்தக் கோயிலுக்கோ சர்ச்சுக்கோ பணம் அனுப்பினார், எவ்வளவு கடன் தவணை போகிறது என்று அவர் வாழ்க்கையே வரிவரியாகக் கிடக்கும். நமக்கு வேண்டியது ஒரே ஒரு பதில். ‘வீட்டில் எல்லோரும் சேர்ந்து மாத வருமானம் 54,000 ரூபாய்க்கு மேல் இருக்குமா? ஆம் / இல்லை.’ வாடகையைப் போல மூன்று மடங்கு என்ற கணக்கில் வரும் தொகை அது. கடை வைத்திருப்பவர், ஆட்டோ ஓட்டுபவர் போன்றவர்களுக்கு மாதச் சம்பளம் என்று ஒன்று இல்லை. அதனால் ‘இல்லை’ என்பவரை உடனே தள்ளிவிடாமல், ‘இப்போது கட்டும் வாடகை எவ்வளவு, எத்தனை வருடமாக?’ என்றும் கேட்க வேண்டும். நான்கு வருடமாக 16,000 ரூபாய் கட்டி வருபவரைப் பற்றி அந்த ஒரு வரி சொல்வதைச் சம்பளச் சீட்டுகூடச் சொல்லாது.

பழைய வீட்டுக்காரரின் போன் எண் கேட்பது நியாயம்தான். ஆனால் பக்கத்திலேயே ‘இப்போதே அவரிடம் பேசலாமா?’ என்று ஒரு கட்டம் வேண்டும். காலி செய்யப்போவதை அவரிடம் இன்னும் சொல்லியிருக்க மாட்டார்கள். நம் போன் அவர்களுக்குச் சிக்கலாகிவிடும். பேசும்போதும் வாடகை நேரத்துக்கு வந்ததா, வீட்டைச் சேதம் இல்லாமல் வைத்திருந்தார்களா என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். முதன்முதலாக வாடகைக்கு வருபவருக்குப் பழைய வீட்டுக்காரர் இருக்க மாட்டார். அவர் வேலை செய்யும் இடத்தில் ஒருவரைக் குறிப்பிடலாம் என்று எழுதி வைப்பது நல்லது.

ஆக, படிவம் இவ்வளவுதான்:

1. பெயர், போன் எண்
2. எந்தத் தேதியில் குடிவர வேண்டும், எவ்வளவு காலம் இருக்க உத்தேசம்
3. எத்தனை பேர் தங்குவீர்கள்
4. என்ன வேலை அல்லது தொழில்
5. மொத்த மாத வருமானம் 54,000 ரூபாய்க்கு மேலா
6. இப்போது கட்டும் வாடகை, எத்தனை வருடமாக
7. விசாரிக்க ஒருவர், இப்போதே பேசலாமா
8. பைக் எத்தனை, கார் உண்டா
9. நாய், பூனை உண்டா
10. வீட்டில் தையல், டியூஷன் போலத் தொழில் ஏதும் நடத்துவீர்களா

பத்தாவது கேள்வி துருவல்போலத் தோன்றலாம். வீட்டு மின் இணைப்பில் தொழில் நடந்தால் கட்டண வகை மாறக்கூடும். மீட்டர் உரிமையாளர் பெயரில் இருப்பதால் அவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

சாதி, மதம் பற்றி நேராகக் கேட்கக் கூச்சப்படுகிறவர்களும் சுற்றி வளைத்துக் கேட்பதுண்டு. ‘பூர்வீகம் எது?’, ‘அப்பா பெயர் என்ன?’, ‘சைவமா அசைவமா?’ எல்லாமே அந்த ஒரு விஷயத்தைக் கண்டுபிடிக்கத்தான். இவற்றில் எதுவும் நம் சோதனையில் தேறாது. சட்டத்திலும் சில கோடுகள் உண்டு. தீண்டாமையின் பேரால் ஒருவர் எந்தப் பகுதியிலும் குடியிருப்பதைத் தடுப்பது 1955-ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். எச்.ஐ.வி. தொற்று உள்ளவருக்கு அந்தக் காரணத்துக்காக வீடு தர மறுப்பதை 2017-ஆம் ஆண்டுச் சட்டமும், திருநர் என்பதற்காக மறுப்பதை 2019-ஆம் ஆண்டுச் சட்டமும் தடை செய்கின்றன. ஆனால் தனியார் வாடகை வீடுகளில் எல்லாவிதப் பாகுபாட்டையும் தடுக்கிற ஒரு பொதுச் சட்டம் நம்மிடம் இல்லை. பல கேள்விகளைக் கேட்காமல் விடுவது உரிமையாளரின் மனசாட்சியைப் பொறுத்தே நிற்கிறது.

ஆதார் எங்கே என்று கேட்பீர்கள். அது இரண்டாம் கட்டம். வீடு பார்க்க வந்த பத்துப் பேரிடமும் ஆதார் நகல் வாங்கினால், ஒன்பது பேருடையது காரணமே இல்லாமல் நம் மேஜை டிராயரில் கிடக்கும். ஒருவரை முடிவு செய்த பிறகு, ஒப்பந்தத்துக்காக அவரிடம் மட்டும் அடையாளச் சான்று கேட்டால் போதும். காவல் நிலையத்தில் வாடகைதாரர் விவரம் கேட்டால் அதையும், அவசரத்துக்குக் கூப்பிட ஒருவர் எண்ணையும் அப்போதே வாங்கிக்கொள்ளலாம். கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும்படி மறைக்கப்பட்ட ஆதாரை ஆதார் ஆணையத்தின் இணையதளத்தில் யாரும் தரவிறக்கிக்கொள்ளலாம். பெரும்பாலும் அதுவே போதுமானது. கொடுப்பவரும் நகலின் குறுக்கே ‘வாடகை ஒப்பந்தத்துக்கு மட்டும்’ என்று எழுதித் தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டால், அது வேறு எதற்கும் பயன்படாமல் தடுக்க ஓரளவு உதவும்.

படிவம் நன்றாக இருந்தும், ஒருவருக்கு மட்டும் ‘சும்மா ரெண்டு கேள்வி’ கூடுதலாகக் கேட்டால் எல்லாம் வீண். எல்லோருக்கும் அதே தாளைக் கொடுத்து, வந்த வரிசையில் எண் போட்டு, நிபந்தனைகளுக்குப் பொருந்துகிற முதல் ஆளுக்கு வீட்டைக் கொடுத்துவிடலாம். மற்றவர்களுக்கு ‘வீடு முடிந்துவிட்டது’ என்று ஒரு செய்தி அனுப்பிவிட்டு, அவர்கள் படிவங்களைக் கிழித்துப் போட வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்திருந்தால் போனிலிருந்தும் அழித்துவிட வேண்டும்.