பழைய பெயர் ஏன் போகிறது?

பெயரை மாற்றும் நிறுவனங்கள் வெளியிடும் பத்திரிகைக் குறிப்புகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும்: ‘புதிய பொலிவு’, ‘புதிய பயணம்’, ‘காலத்துக்கேற்ற மாற்றம்’. பழைய பெயரில் என்ன கோளாறு என்று மட்டும் சொல்ல மாட்டார்கள். 2020 ஜூன் 17 அன்று அமெரிக்காவின் குவாக்கர் ஓட்ஸ் நிறுவனம் வெளியிட்ட குறிப்பு அதைச் சொன்னது.

விஷயம் ஒரு மாவுப் பாக்கெட். பேன்கேக் என்பது நம் ஊர்க் கல்தோசையைப் போலத் தடிமனான இனிப்பு அடை. அதற்கான ‘ஆன்ட் ஜெமைமா’ மாவு அங்கே நூறாண்டுகளுக்கும் மேலாக விற்றது. மிசௌரி மாநிலத்தின் செயின்ட் ஜோசப் நகரில் அதை உருவாக்கிய கிறிஸ் ரட், முகத்தில் கரி பூசிக் கறுப்பர்களைக் கேலி செய்யும் மேடை நிகழ்ச்சியில் கேட்ட பாட்டிலிருந்து 1889இல் இந்தப் பெயரை எடுத்தார். பாக்கெட்டில் தலையில் துணி கட்டிய, சிரித்த முகக் கறுப்பினப் பெண். வெள்ளையர் வீட்டில் மகிழ்ச்சியோடு ஊழியம் செய்யும் சமையற்காரி என்ற கற்பனைதான் அந்தப் படம். 1893 சிகாகோ கண்காட்சியில் அந்த வேடமேற்று மாவு சுட்டுக் காட்டியவர் அடிமையாகப் பிறந்த நான்சி கிரீன்.

1989இல் படத்திலிருந்து தலைத்துணி போனது; முத்துக் கம்மல் வந்தது. பெயர் அப்படியே இருந்தது. ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்டதை அடுத்து நாடே கொந்தளித்தபோதுதான் குவாக்கர் வாய் திறந்தது. இந்தப் பெயரின் பிறப்பே ஓர் இனவாத வார்ப்பிலிருந்து வந்தது, இதுவரை செய்த திருத்தங்கள் போதவில்லை என்று நேராக ஒப்புக்கொண்டது. குறிப்பின் உயிர் அந்த இரண்டாவது வாக்கியத்தில் இருக்கிறது. முன்பு செய்ததை நல்லெண்ணச் சான்றாகக் காட்டித் தப்பிக்க அதில் இடமே வைக்கவில்லை.

புதிய பெயர் அப்போது தயாராக இல்லை. இல்லாததை இருப்பதாகக் காட்டாமல், படத்தை நீக்குகிறோம், பெயர் பிறகு வரும் என்றார்கள். 2021 பிப்ரவரியில் வந்தது: ‘பேர்ல் மில்லிங் கம்பெனி’. மாவு முதன்முதலில் உருவான ஆலையின் பெயர் அது.

ஒரு குறை உண்டு. அந்த வேடத்தில் உழைத்த பெண்களில் ஒருவரான லிலியன் ரிச்சர்டின் குடும்பத்தார், படத்தோடு அவர் வரலாறும் அழிந்துவிடுமே என்று வருந்தினார்கள். அந்தப் பெண்களின் பெயர்கள் அறிவிப்பிலேயே இடம் பெற்றிருக்க வேண்டும்.

2020 ஜூன் 25ஆம் தேதி ‘ஃபேர் அண்ட் லவ்லி’யிலிருந்து ‘ஃபேர்’ என்ற சொல்லை எடுப்பதாக இந்துஸ்தான் யூனிலீவர் அறிவித்தது. அந்தச் சொல் ஒரே வகை அழகைத்தான் உயர்த்துகிறது, அது சரியல்ல என்று யூனிலீவரும் ஒப்புக்கொண்டது. சென்னையின் ‘விமன் ஆஃப் வொர்த்’ அமைப்பு ‘டார்க் இஸ் பியூட்டிஃபுல்’ இயக்கத்தைத் தொடங்கியது 2009இல்.