விளம்பர வரிகளுக்குள் ஒளிந்திருக்கும் வேலை நேரம்

“அக்கவுண்ட்ஸ் எக்ஸிக்யூட்டிவ் தேவை. பி.காம்., 2 முதல் 4 வருட அனுபவம். டேலி, ஜி.எஸ்.டி., டி.டி.எஸ்., பி.எஃப்., இ.எஸ்.ஐ., சம்பளப் பட்டியல், ஸ்டாக் பதிவேடு, பாக்கி வசூல் ஃபாலோ-அப் அனைத்தையும் தனியாகக் கையாளத் தெரிந்திருக்க வேண்டும். டூவீலரும் லைசென்ஸும் கட்டாயம். தேவைப்பட்டால் கூடுதல் நேரம் இருக்கத் தயாரானவராக இருக்க வேண்டும். குடும்பம் போன்ற சூழல். உடனே சேரக்கூடியவர்களுக்கு முன்னுரிமை. சம்பளம் தகுதிக்கேற்ப.”

இது எந்த ஒரு நிறுவனத்தின் விளம்பரமும் அல்ல. வேலைவாய்ப்புத் தளங்களிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் தினமும் கண்ணில் படுகிற வரிகளைக் கோத்துச் செய்த மாதிரி. கோவையில் நாற்பது பேர் வேலை பார்க்கும் ஒரு பம்ப் உதிரிபாகக் கம்பெனி இதைப் போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். வேலை தேடுகிறவர் பதவியைப் பார்ப்பார், அனுபவத்தைப் பார்ப்பார், சம்பளம் இல்லையே என்று முணுமுணுத்துவிட்டு போன் நம்பருக்குப் போய்விடுவார். அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தால் நாள் எப்படிக் கழியும் என்பது நடுவில் உள்ள வரிகளில் இருக்கிறது.

முதலில் ஒரு சங்கதி. வேலை விளம்பரத்தை ஒரே ஆள் உட்கார்ந்து எழுதுவது அரிது. எச்.ஆர். ஊழியரோ கன்சல்டன்சியோ பழைய ஃபைல் ஒன்றை எடுத்து, பதவிப் பெயரை மட்டும் மாற்றுவார்கள். “துடிப்பானவர்”, “குழுவாக இயங்குபவர்”, “வேகமான பணிச்சூழலுக்கு ஏற்றவர்” எல்லாம் அந்த ஃபைலில் இருந்து வருபவை. அவற்றை வைத்து அந்தக் கம்பெனியை எடைபோட முடியாது. பிறகு துறைத் தலைவரோ முதலாளியோ தன் கையால் ஒன்றிரண்டு வரிகளைச் சேர்ப்பார். “அடிக்கடி லீவு எடுப்பவர்கள் விண்ணப்பிக்க வேண்டாம்”, “ஞாயிற்றுக்கிழமையும் போனில் கிடைக்க வேண்டும்” போன்றவை அந்த ரகம். யாரோ ஒருவர் மீதான பழைய கோபம் அதில் அப்படியே இருக்கும். சந்தேகமாக இருந்தால் அந்த வாக்கியத்தை மேற்கோள் குறிக்குள் போட்டு இணையத்தில் தேடிப் பார்க்கலாம். நூறு கம்பெனிகளில் அதே வரி இருந்தால் ஒதுக்கிவிடலாம். வேறெங்கும் இல்லையென்றால், நிறுத்தி நிதானமாகப் படிக்க வேண்டிய வரி அதுதான்.

வேலைப்பளுவைக் கண்டுபிடிக்க அடைமொழிகள் உதவாது. கடமைப் பட்டியலை எடுத்து நாள்காட்டியில் பரப்பிப் பார்க்க வேண்டும். மேலே உள்ள விளம்பரத்தையே எடுத்துக்கொள்வோம். மாதம் பிறந்ததும் சம்பளப் பட்டியல். 7-ஆம் தேதிக்குள் சம்பளம் போயாக வேண்டும். முந்தைய மாதம் பிடித்த டி.டி.எஸ். தொகையைக் கட்டவும் அதே 7-ஆம் தேதிதான் கெடு. மாதாமாதம் கணக்குத் தாக்கல் செய்யும் நிறுவனம் என்றால் 11-ஆம் தேதிக்குள் விற்பனை விவரம் ஜி.எஸ்.டி.ஆர்-1 படிவத்தில் ஏற வேண்டும். 15-ஆம் தேதி பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டும். 20-ஆம் தேதிக்குள் வரியைக் கட்டி ஜி.எஸ்.டி.ஆர்-3பி தாக்கல்.

இதில் உண்மையான நெருக்கடி 14-ஆம் தேதிக்கும் 20-ஆம் தேதிக்கும் இடையில். சப்ளையர்கள் ஏற்றிய பில்களின் தொகுப்பு ஜி.எஸ்.டி.ஆர்-2பி என்ற பெயரில் 14-ஆம் தேதிதான் இணையதளத்தில் உருவாகும். அதைக் கம்பெனியின் கொள்முதல் பதிவோடு வரிவரியாக ஒப்பிட வேண்டும். பில் நம்பர் தவறாக இருக்கும். ஒரு சப்ளையர் தாக்கலே செய்திருக்க மாட்டார். அவர்களுக்குப் போன் போட்டுத் துரத்தி, எந்த வரவை எடுத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்ய ஆறு நாள். தாமதமானால் நாளுக்கு இவ்வளவு என்று தாமதக் கட்டணம், கட்ட வேண்டிய வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. முதலாளி யாரைப் பார்த்துக் கேட்பார் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஆக, மாதத்தின் முதல் இருபது நாளும் கெடுவுக்குக் கெடு ஓட்டம். அதற்கு நடுவில் ஸ்டாக் பதிவேடும் பாக்கி வசூலும். நாற்பது பேர் உள்ள இடத்தில் இவ்வளவையும் “தனியாக” ஒருவர் செய்வதென்றால், “தேவைப்பட்டால் கூடுதல் நேரம்” என்ற வரி பேச்சுக்குப் போட்டது இல்லை. அதே பட்டியலில் “ஆடிட்டர் அலுவலகத்துக்குத் தேவையான விவரங்களைத் தயாரித்துத் தருவது” என்று இருந்திருந்தால் கதை வேறு. தாக்கல் பொறுப்பு வெளியே இருக்கிறது, இங்கே பதிவு வேலை மட்டும் என்று பொருள். “உதவுதல்”, “தயாரித்தல்”, “பொறுப்பேற்றல்” என்ற வினைகளுக்கு இடையே மாலை ஆறு மணிக்கும் இரவு ஒன்பது மணிக்கும் உள்ள வித்தியாசம் இருக்கிறது.

டூவீலருக்கு வருவோம். கணக்கு எழுதும் ஆளுக்கு வண்டி எதற்கு? வங்கிக்கும், ஆடிட்டரிடத்துக்கும், செக் வாங்க வாடிக்கையாளர் கடைக்கும் போய்வரத்தான். பகல் பொழுது வெளியே போனால் பில் ஏற்றும் வேலை சாயங்காலத்துக்குத் தள்ளிப்போகும். பெட்ரோல் படி பற்றி விளம்பரம் பேசவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளலாம். “உடனே சேரக்கூடியவர்” என்பதற்குப் புதிய ஆர்டர், புதிய கிளை என்று நல்ல காரணங்களும் இருக்கலாம். ஆனால் கணக்குப் பிரிவில், இவ்வளவு பொறுப்புகளோடு சேர்த்துப் பார்க்கும்போது, முன்பிருந்தவர் எதையும் ஒப்படைக்காமல் போயிருக்க வாய்ப்பு அதிகம். அப்படியானால் முதல் வேலை, ஏற்றாமல் கிடக்கும் பழைய பில் கட்டுகள்தான். தனியாக ஒரு வரி எதையும் நிரூபிக்காது. இரண்டு மூன்று வரிகள் ஒரே திசையைக் காட்டும்போதுதான் நம்பலாம்.

“குடும்பம் போன்ற சூழல்” என்ற வரியைக் கண்டதும் கிண்டல் செய்வது இப்போது வழக்கமாகிவிட்டது. அது கொஞ்சம் அநியாயம். சிறு நிறுவனங்களில், மகளின் கல்யாணத்துக்கு முன்பணம் கொடுக்கும் முதலாளிகள் இல்லாமல் இல்லை. அந்த வரி எதன் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று பார்ப்பதே பயனுள்ளது. வார விடுமுறை, மிகைநேர ஊதியம், வேலை நேரம் ஆகியவற்றைச் சொல்ல வேண்டிய இடத்தில் குடும்பம் வந்து நின்றால், அந்த மூன்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டே ஆக வேண்டும். சம்பளத்தைச் சொல்லாமல் விடுவதை மட்டும் வைத்துச் சந்தேகப்பட முடியாது. நியூயார்க் நகரில் 2022 நவம்பர் முதல் விளம்பரத்தில் சம்பள வரம்பைக் குறிப்பிடுவது கட்டாயம். இந்தியாவில் அப்படிப் பொதுவான கட்டாயம் இல்லாததால் நல்ல கம்பெனிகளும் சொல்வதில்லை.

கூடுதல் நேரத்துக்குச் சட்டத்தில் எல்லை உண்டு. 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்கிறது. மிகைநேரத்தைச் சேர்த்தாலும் நாளுக்கு 10, வாரத்துக்கு 54 மணியைத் தாண்டக் கூடாது. அந்த நேரத்துக்கு இரு மடங்கு ஊதியம். ஆனால் நிர்வாகப் பொறுப்பில் உள்ளவர்களுக்கு இந்தச் சட்டம் விலக்கு அளிக்கிறது. அதனால், பில் ஏற்றும் வேலைக்கு “அசிஸ்டென்ட் மேனேஜர்” என்று பெயர் வைத்திருக்கும் விளம்பரத்தைப் பார்த்துச் சந்தோஷப்படுவதற்கு முன், கீழே எத்தனை பேரை மேய்க்கும் அதிகாரம் தரப்படுகிறது என்று பார்ப்பது நல்லது. ஒருவரும் இல்லையென்றால், பெரிய பெயர் எதற்காக என்று யோசிக்க வேண்டும்.

கடைசியில் பொடி எழுத்தில் வருகிற நிபந்தனை சில நேரம் முழு விளம்பரத்தையும்விடக் கனமானது. விஜயா வங்கி 2006-இல் வெளியிட்ட ஆள்சேர்ப்பு அறிவிப்பில், மூன்று ஆண்டுக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் செலுத்தச் சம்மதித்துப் பத்திரம் எழுதித் தர வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. அதன்படி சேர்ந்த அதிகாரி ஒருவர் 2009-இல் வேறு வங்கிக்குப் போனார். பணத்தைக் கட்டிவிட்டு வழக்கும் போட்டார். கர்நாடக உயர்நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்து, நிபந்தனை செல்லும் என்றது. பொதுத்துறை வங்கி ஓர் ஆளை மாற்ற மறுபடி விளம்பரம், தேர்வு என்று முழுச் சுற்றும் போக வேண்டியிருக்கிறது என்பதும், அந்த அதிகாரியின் சம்பளத்துக்கு அது தாங்க முடியாத தொகை அல்ல என்பதும் காரணங்கள். மாதம் பதினைந்தாயிரம் வாங்குபவரிடம் ஒரு தனியார் கம்பெனி கேட்கும் பாண்டுக்கு இதே தீர்ப்பு அப்படியே பொருந்திவிடாது. என்றாலும், விளம்பரத்தில் இருந்த ஒற்றை வரி ஏறக்குறைய பதினாறு ஆண்டுகள் நீதிமன்றத்தில் வாழ்ந்திருக்கிறது.

இத்தனை நுணுக்கமாகப் படித்தாலும் பிடிபடாதது ஒன்று உண்டு. ஸ்ரீபெரும்புதூர் அருகே ஐபோன் பூட்டும் ஃபாக்ஸ்கான் ஆலையில் திருமணமான பெண்களை வேலைக்கு எடுப்பதில்லை என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் எழுதியது. ஆள்பிடிக்கும் ஏஜென்சிகளின் விளம்பரங்களிலேயே திருமண நிலை பற்றிய குறிப்பு இருந்தது. அதே ஆண்டு நவம்பரில், பாலினம், வயது, திருமண நிலை எதையும் விளம்பரத்தில் போடக் கூடாது என்று ஏஜென்சிகளுக்கு ஃபாக்ஸ்கான் உத்தரவிட்டதாக ராய்ட்டர்ஸ் மறுபடி எழுதியது. விளம்பரம் சுத்தமாகிவிட்டது. வாசலில் யாரை உள்ளே விடுகிறார்கள் என்பது மாறியதா என்று அந்தப் புது விளம்பரத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. முன்பு படித்துத் தெரிந்துகொள்ள முடிந்ததும் இப்போது முடியாது. பளிச்சென்று இருக்கும் விளம்பரத்தில் எச்சரிக்கை இல்லை என்பதை நற்சான்றிதழாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

அதனால் படித்ததைச் சரிபார்க்க வேண்டும். அதே பதவிக்கு அதே கம்பெனி ஆறு மாதத்துக்கு முன்பும் விளம்பரம் போட்டிருக்கிறதா என்று தேடினால் பல நேரம் கிடைத்துவிடும். வாட்ஸ்அப் குழுவில் பழைய செய்திகளைத் தேடினாலே போதும். இரண்டு விளம்பரத்தையும் அருகருகே வைத்தால், புதிதாக முளைத்த வரி எது என்று தெரியும். முதல் விளம்பரத்தில் இல்லாத “குறைந்தது ஒரு வருடம் நிலைத்திருக்க வேண்டும்” என்பது இரண்டாவதில் வந்திருந்தால், நடுவில் ஓர் ஆள் வந்துபோயிருக்கிறார்.

நேர்முகத்தில் இதை நேரடியாகக் கேட்கத் தயங்குகிறவர்கள், “இந்த வேலையை எனக்கு யார் சார் ஒப்படைப்பாங்க?” என்று கேட்கலாம். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள முடியாத கேள்வி. “பழைய ஆள் இந்த மாசக் கடைசி வரைக்கும் இருக்கார், கூட உட்கார்ந்து சொல்லிக் கொடுப்பார்” என்றால் ஒரு விதம். “டேலியில எல்லாம் இருக்கு, நீங்களே பார்த்துக்கலாம்” என்றால், டேலியில் கடைசிப் பதிவு எந்தத் தேதியோடு நிற்கிறது என்று அடுத்த கேள்வியாகக் கேட்க வேண்டும்.