இணைப்புச் சொல்லுக்கு முன்னால் திட்டம்

ஐஇஎல்டிஎஸ் எழுத்துத் தேர்வுக்கு ஒரு மணி நேரம். அதில் இரண்டாவது கேள்விதான் கட்டுரை. குறைந்தது 250 சொற்கள் எழுத வேண்டும். அதற்கு 40 நிமிடம் ஒதுக்கச் சொல்கிறார்கள். கேள்விக்குச் சரியாகப் பதில் சொன்னீர்களா, எழுத்து கோர்வையாக இருக்கிறதா, சொல்வளம், இலக்கணம் என்ற நான்குக்கும் சம மதிப்பெண்.

கோர்வை என்றதும் பலர் ஹவ்எவர், மோர்ஓவர், தேர்ஃபோர் என்று பட்டியலை மனப்பாடம் செய்துகொண்டு போகிறார்கள். ஒவ்வொரு வாக்கியத்தையும் அதில் ஒன்றை வைத்தே தொடங்குகிறார்கள். மதிப்பெண் விதிகளின்படி, இணைப்புச் சொற்களை இயந்திரத்தனமாகப் பயன்படுத்துவது ஒரு குறை. எந்தச் சொல் வரவேண்டும் என்பது திட்டம் போடும்போதே முடிவாக வேண்டும்.

ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம்: ‘நகரப் பேருந்துகளை எல்லோருக்கும் இலவசமாக்க வேண்டும். ஏற்கிறீர்களா?’ முதல் ஐந்து நிமிடம் கட்டுரையைத் தொடங்க வேண்டாம். முடிவை ஒரே வரியில் குறித்துக்கொள்ளுங்கள்: ‘எல்லோருக்கும் வேண்டாம், தேவைப்படுவோருக்குப் போதும்.’ அடுத்து, நடுவில் வரும் இரண்டு பத்திகளுக்கும் ஆளுக்கொரு கருத்து. முதல் பத்தியில், கட்டணம் இல்லாவிட்டால் குறைந்த வருமானக்காரர்கள் தூரத்து வேலைக்கும் போக முடியும். தமிழகத்தில் 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. இதையே உதாரணமாகக் காட்டலாம். இரண்டாவது பத்தியில், வசதி உள்ளவர்களிடமும் கட்டணம் வாங்காவிட்டால் புதிய பேருந்துகள் வாங்கப் பணம் குறையும். முன்னுரையில் உங்கள் முடிவைச் சொல்லிவிடுங்கள்; முடிவுரையில் அதையே வேறு சொற்களில் உறுதிப்படுத்துங்கள். மொத்தம் நான்கு பத்திகள்.

இனி, குறிப்புகளுக்கு இடையே தமிழிலேயே ‘ஏனென்றால்’, ‘ஆனால்’, ‘அதனால்’ என்று எழுதிப் பாருங்கள். முதல் பத்திக்கும் இரண்டாவது பத்திக்கும் நடுவே ‘ஆனால்’தான் பொருந்துகிறது. எனவே அங்கே ஹவ்எவர் வரும். மோர்ஓவர் போட்டால், இலவசத்தின் இன்னொரு நன்மையைச் சொல்லப்போகிறீர்கள் என்று படிப்பவர் நினைப்பார், வருவதோ எதிர்வாதம். அந்த இடத்தில் வாதம் குழம்பிவிடும்.

பத்திக்குள் இத்தனை சொற்கள் தேவையில்லை. ‘கட்டணம் இல்லாததால் பயணிகள் கூடுகிறார்கள். இந்தக் கூட்டத்தைச் சமாளிக்க அதிகப் பேருந்துகள் வேண்டும்.’ ‘இந்தக் கூட்டம்’ என்பதே இரண்டு வாக்கியங்களையும் சேர்த்துவிடுகிறது. ஆங்கிலத்தில் திஸ், தீஸ், சச் ஆகியவை அதே வேலையைச் செய்யும்.

எழுதி முடித்தபின் ஒரு சோதனை. ஒவ்வொரு பத்தியின் முதல் வாக்கியத்தை மட்டும் வரிசையாகப் படியுங்கள். உங்கள் வாதம் முழுவதும் அதில் தெரிந்தால் பத்திகள் சரியாகப் பிரிந்திருக்கின்றன. ஒரு வாக்கியம் தன் பத்தியில் உள்ளதைச் சொல்லாவிட்டால் அந்தப் பத்திக்குள் இரண்டு கருத்துகள் கலந்திருக்கக்கூடும். கடைசி மூன்று நிமிடத்தை இதற்காக மிச்சம் வையுங்கள். அந்த முதல் வாக்கியத்தை மாற்றி எழுத அது போதும்.