தீபாவளி வாழ்த்தும் பாக்கிக் கணக்கும்

மும்பையில் கடையோ பட்டறையோ நடத்தும் நம்மவர் பலர், தீபாவளி நெருங்கியதும் தம் வாடிக்கையாளர்களுக்கு வாழ்த்துக் கடிதம் அனுப்புவது வழக்கம். எழுத்துவேலையிலேயே காலம் கழிப்பவர் என்று கருதி நம்மிடம் நகல் கேட்டு வருவோரும் உண்டு. ரயில்வே குமாஸ்தாவுக்கு வாணிபம் தெரியாதுதான். ஆயினும் ஒரு கடிதம் என்றைக்குப் போய்ச் சேர வேண்டும், எது அதில் இடம்பெறலாகாது என்பதை நாம் அறிவோம்.

முதலில் நாளைப் பார்ப்போம். நமக்குத் தீபாவளி என்பது சதுர்த்தசி விடியற்காலையில் எண்ணெய் முழுக்கோடு வந்து, பட்சணத்தோடு முடிந்துவிடும். குஜராத்தி வணிகருக்கோ அது நடுவழி. தன திரயோதசியில் தொடங்கும் அவர் பண்டிகையில், அமாவாசையன்று லட்சுமி பூஜையும், ‘சோப்டா’ எனும் புதுக் கணக்கேட்டுக்குப் பூஜையும் நடைபெறும். அதன்பின் பிரதமையில் புத்தாண்டு. லாப பஞ்சமியில்தான் பலர் மீண்டும் கடை திறப்பர். 2025ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் தீபாவளி அக்டோபர் 20. குஜராத்திப் புத்தாண்டு 22. லாப பஞ்சமி 26. நம் தீபாவளியை எண்ணி அனுப்பிய கடிதம் 23ஆம் தேதி போய்ச் சேர்ந்திருந்தால், மூடிய கதவுக்குப் பின்னே மூன்று நாள் கிடந்திருக்கும். ஆதலால் தன திரயோதசிக்கு முன்பே கையில் சேர்ப்பதும், தீபாவளி வாழ்த்தோடு ‘சால் முபாரக்’ என்று புத்தாண்டு வாழ்த்தையும் சேர்த்துக் கூறுவதும் உத்தமம்.

அடுத்தது பாக்கி. முன்னாளில் வணிகர் பலர் தீபாவளியோடுதான் ஆண்டுக் கணக்கை முடித்தனர். 1989-90 மதிப்பீட்டு ஆண்டு முதல் வருமான வரிக்கு ஏப்ரல்-மார்ச் கணக்கே யாவர்க்கும் கட்டாயமாயிற்று. எனினும் பழைய பாக்கியைப் பூஜைக்குள் தீர்க்கும் மனப்பாங்கு இன்னும் மறையவில்லை. எனவே தீபாவளிக்கு முன் பாக்கி கேட்பது குற்றமன்று. வாழ்த்துத் தாளிலேயே கேட்பதுதான் குற்றம்.

தாராவியில் தோல் பை தைக்கும் அன்பர் ஒருவர் சென்ற தீபாவளிக்கு முன் நம்மிடம் கொணர்ந்த நகல் இது: “தங்கள் பேராதரவுக்கு நன்றி. பாக்கி ரூ. 18,400ஐப் பண்டிகைக்கு முன் அனுப்பி உதவவும். புதிய விலைப்பட்டியல் இணைக்கப்பட்டுள்ளது.” முந்திய ஆண்டில் இவ்வாறே எழுதப்பட்ட கடிதம் ஒன்று வேறொரு வணிகருக்குச் சென்றதாம். பாக்கி மறுநாளே வந்தது. அதன்பின் ஆர்டர் வரவில்லை. இம்முறை கடிதம் போக வேண்டியதோ பதினோராண்டு வாடிக்கையாளருக்கு. பட்டறையின் பாதி வேலை அவருடையது.

“இவர் செய்து, மற்றவர் செய்யாதது ஏதேனும் உண்டா?” என வினவினோம். அன்பர் சற்று யோசித்தார். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது 240 பைகளுக்குத் தோல் வெட்டியாகிவிட்டது. பிறர் ஆர்டரை ரத்துசெய்தனர். இவர் மட்டும், “தைத்து வையுங்கள், கடை திறந்ததும் எடுத்துக்கொள்கிறேன்” என்று கூறி, அவ்வாறே அக்டோபரில் எடுத்துக்கொண்டாராம். சொல்ல வேண்டியதை விட்டுவிட்டு ‘பேராதரவு’ என்று எழுதினால் யாருக்கு என்ன புரியும்?

புதிய நகல் இவ்வாறு அமைந்தது:

“மதிப்பிற்குரிய சேட் அவர்களுக்கு வணக்கம். தங்கட்கும் தங்கள் குடும்பத்தார்க்கும் தீபாவளி வாழ்த்துகளும் சால் முபாரக்கும். பதினோராண்டுகளாக எங்கள் தையலை நம்பி வருகிறீர்கள். 2020இல் வெட்டிய தோலோடு நாங்கள் கலங்கியிருந்தபோது, 240 பைகளையும் தைக்கச் சொன்னீர்கள். அந்த ஆண்டு எங்கள் தொழிலாளர் நால்வர் ஊர் திரும்பாமல் இங்கேயே இருந்தது அதனால்தான். நன்றியுடன்.”

அன்பரின் மகள் இதனை இந்தியில் பெயர்த்து எழுதினாள். கீழே அன்பர் தம் கையாலேயே ஒப்பமிட்டார். விலைப்பட்டியல் நின்றது. பாக்கிக் கணக்கு அக்டோபர் முதல் வாரத்திலேயே தனித் தாளாகச் சென்றிருந்தது. வாழ்த்து 16ஆம் தேதி நேரில் கொடுக்கப்பட்டது. பூஜைக்கு முன் பத்தாயிரமும், லாப பஞ்சமிக்குப் பின் மிச்சமும், கூடவே அடுத்த ஆர்டரும் வந்தன. கடிதமே ஆர்டரைக் கொணர்ந்தது என்று நாம் சொல்லமாட்டோம். பைகளும் நல்ல பைகளே.

இவ்விதக் கடிதத்தை அச்சடித்து அனைவருக்கும் அனுப்ப இயலாது. 2020இல் ரத்துசெய்தவர் கைக்கு அதே வாசகம் போனால் குத்தலாகப்படும். வாட்ஸ்ஆப் குழுவில் இட்டாலோ, ஒரு வணிகரின் கொடுக்கல் வாங்கலை அவருடைய போட்டியாளர் படிப்பார். ஓராண்டு கூட ஆகாத வாடிக்கையாளருக்கு இரண்டு வரி வாழ்த்தே போதும். வராத நம்பிக்கைக்கு நன்றி கூறுவது அவருக்கே விந்தையாயிருக்கும்.

கல்கத்தாவில் வாழும் நம்மவர்க்கு ஒரு சொல். அங்கே கணக்குப் புதுப்பிக்கும் நாள் ஏப்ரலில் வரும் வங்கப் புத்தாண்டு. ‘ஹால்காதா’வுக்குக் கடைக்காரர் அழைப்பார், வாடிக்கையாளர் வந்து பழைய பாக்கியைத் தீர்த்து, இனிப்பும் காலண்டரும் பெற்றுச் செல்வார். அவ்வழைப்பே பாக்கியை நினைவூட்டிவிடும். தொகையை அதில் எழுத வேண்டியதில்லை.